அப்பளத் தொழிலுக்கு வங்கிக் கடன்: மேலாளரிடம் கொடுக்கும் விண்ணப்பத்தைத் தயாரிப்பது எப்படி?

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் அப்பளம் போடுகிறவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் தொழில் பாதி படுத்துவிடும். காய வைக்கக் களம் இருக்கும், வெயில் இருக்காது. முகூர்த்த ஆர்டர் தேடி வருகிற நேரத்தில் சரக்கு இல்லாமல் கையைப் பிசைய வேண்டியிருக்கும். ஒரு டிரையர் வாங்கிப் போட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைப்பவர் வங்கி மேலாளரிடம் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், எந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். பத்தமடையில் பாய் நெய்பவரும் காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவரும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

கணக்குக்காக ஒரு தொழிலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளர் ஒரு பெண். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வெயில் உள்ள ஒன்பது மாதங்களில் மாதம் 1,000 கிலோ அப்பளம் போகிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் 400 கிலோதான். மொத்த விலை கிலோ 220 ரூபாய். விலைகளும் கூலியும் உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம்; கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி: எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்தல்

பலர் இயந்திரம் விற்பவரிடம் விலைப்புள்ளி வாங்கி, அதில் உள்ள தொகையை அப்படியே கடனாகக் கேட்கிறார்கள். இது தலைகீழான வழி. முதலில் தொழில் எவ்வளவு தவணையைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கேற்ற இயந்திரத்தைப் பிறகு தேட வேண்டும்.

நம் தொழிலகத்தில் ஆண்டுக்கு 10,200 கிலோ விற்கிறது. உளுந்து மாவு, அப்பளக் காரம், உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 125 ரூபாய், கூலி 35, பையும் வண்டி வாடகையும் 15 என 175 ரூபாய் செலவு. கிலோவுக்கு 45 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 4,59,000 ரூபாய். இதில் ஷெட் வாடகை, மின்சாரம் போன்ற நிலையான செலவு 72,000 ரூபாயைக் கழித்தால் லாபம் 3,87,000 ரூபாய்.

இந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. வீட்டுச் செலவும் இந்த லாபத்திலிருந்துதான் போகிறது. மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. கடைசியில் கையில் நிற்பது 1,71,000 ரூபாய். வீட்டுச் செலவை மறைத்த கணக்கைப் பார்த்தால் அனுபவமுள்ள மேலாளர் தானே ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அது பெரும்பாலும் நீங்கள் சொல்வதைவிட அதிகமாகவே இருக்கும்.

டிரையர் வந்தால் மழை மாதங்களில் 400 கிலோ 900 கிலோவாகும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 1,500 கிலோ கூடுதல். உலர்த்தும் மின்செலவு கிலோவுக்கு 8 ரூபாய் போக மிச்சம் 37 ரூபாய். அதாவது 55,500 ரூபாய்.

இப்போது இரண்டு டிரையர்கள் நம் முன்னால் இருக்கின்றன. சிறியது, ஜி.எஸ்.டி., லாரி வாடகை, வயரிங், கூடுதல் மின்பளுவுக்குக் கட்டும் தொகை எல்லாம் சேர்த்து 4 லட்சம். பெரியது 8 லட்சம். நான்கில் ஒரு பங்கை நாம் போட, வங்கி முக்கால் பங்கு தருவதாகக் கொண்டால் சிறியதற்கு 3 லட்சம், பெரியதற்கு 6 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை முறையே 6,523 ரூபாய், 13,045 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 78,300 ரூபாய், 1,56,500 ரூபாய்.

டிரையர் ஈட்டித் தரும் 55,500 ரூபாய், சிறிய கடனின் தவணைக்கே போதவில்லை என்பதைக் கவனியுங்கள். மீதியை ஏற்கெனவே ஓடுகிற தொழில் சுமக்க வேண்டும். இதை மேலாளர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நாமே எழுதிவிடுவது நல்லது. ‘இயந்திரம் தானே தன் கடனை அடைத்துவிடும்’ என்று எழுதிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டால் மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாம் படி: கெட்ட ஆண்டுக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இப்போதைய மிச்சம் 1,71,000. டிரையரால் வருவது 55,500. நடைமுறை மூலதனக் கடனுக்கு வட்டியாக 22,000 போகிறது (அதன் கணக்கு அடுத்த படியில்). ஆக, தவணை கட்டக் கையில் இருப்பது 2,04,500 ரூபாய். சிறிய கடனின் ஆண்டுத் தவணையைப் போல இது 2.6 மடங்கு. பொதுவாக வங்கிகள் ஒன்றரை மடங்கு இருந்தால் திருப்தி அடைகின்றன. பெரிய கடனுக்கும் 1.3 மடங்கு வருகிறது. தட்டுத் தடுமாறித் தேறிவிடும் போலத் தெரியும்.

இனி உளுந்து விலை ஏறுவதாகக் கொள்வோம். உளுந்து விலை ஏறுவதும் இறங்குவதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. ஆனால் கடைக்காரர் அப்பள விலையை உடனே ஏற்ற விடமாட்டார். கிலோவுக்கு 10 ரூபாய் நம் தலையில் விழுந்தால் 11,700 கிலோவுக்கு 1,17,000 ரூபாய் போய்விடும். தவணைக்கு மிஞ்சுவது 87,500 ரூபாய். சிறிய கடனைக் கட்டிவிட்டு 9,000 ரூபாய் சொச்சத்தோடு அந்த ஆண்டைத் தள்ளிவிடலாம். பெரிய கடன் என்றால் 69,000 ரூபாய் துண்டு விழும். நகை அடகுக் கடைக்குப் போகும்.

பெரிய டிரையர் அதிகம் காய வைக்குமே என்று கேட்கலாம். காய வைக்கும்தான். ஆனால் மாவு பிசைந்து தேய்த்துப் போட அதே எட்டுப் பேர்தானே இருக்கிறார்கள்! எனவே 3 லட்சம். இந்தக் கெட்ட ஆண்டுக் கணக்கை ஒரு தனித் தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அது பலவீனத்தைக் காட்டுவதாகச் சிலர் தயங்குகிறார்கள். மேலாளர் தன் மேலதிகாரிக்கு எழுத வேண்டிய குறிப்பில் பாதியை அந்தத் தாள் அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாம் படி: இரண்டு தேவை, இரண்டு கடன்

டிரையருக்குத் தவணைக் கடன். மாவு வாங்கவும், கடைகளிலிருந்து பணம் வரும்வரை சமாளிக்கவும் சி.சி. கடன். இரண்டையும் ஒரே தொகையாக ‘தொழில் அபிவிருத்திக்கு ரூ. 5.5 லட்சம்’ என்று எழுதுவதுதான் நம் பக்கத்து விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் குறை. அபிவிருத்தி என்ற சொல்லுக்கு எந்த மேலாளரும் பணம் தர முடியாது.

சி.சி. என்பது உச்சவரம்பு வைத்த கணக்கு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. நம் தொழிலகத்தில் ஒரு மாத மூலப்பொருள் கையிருப்பு 1,25,000 ரூபாய். கடைகளில் நிற்கும் ஒரு மாத விற்பனைப் பணம் 2,20,000 ரூபாய். மொத்தம் 3,45,000. கால் பங்கு நம்முடையது என்று கழித்தால் சுமார் 2,59,000. ஆகவே 2.5 லட்சம் கேட்கலாம். சராசரியாக 2 லட்சம் பயன்பாட்டில் இருந்தால் ஆண்டு வட்டி 22,000 ரூபாய்.

சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனமாக வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்த விதி. நமக்கு எதிர்பார்க்கும் விற்பனை 25.74 லட்சம் என்பதால் அந்த விதிப்படி 5 லட்சத்துக்கு மேலேயே கேட்கலாம். கேட்காதீர்கள். தேவைக்கு மேல் கிடைக்கும் சி.சி. பணம் வீட்டு விசேஷத்துக்கோ மனை வாங்கவோ போய்ச் சேரும். பிறகு கணக்கு உச்சவரம்பிலேயே ஒட்டிக்கொண்டு இறங்காது. மறு ஆண்டு புதுப்பிக்கப் போகும்போது மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாவைக் கடனுக்கு வாங்குவதால் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தை, மாசியில் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டு உளுந்து சந்தைக்கு வரும்போது ரொக்கத்துக்கு வாங்க முடிவதே இந்தக் கடனுக்கு வலுவான காரணம்.

நான்காம் படி: காகிதங்கள்

ஆதார், பான், உத்யம் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம், ஷெட்டின் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, டிரையர் விலைப்புள்ளி, மாவு வாங்கிய பில்கள். உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். இவற்றில் மூன்று மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை.

முதலாவது, வங்கிக் கணக்கு அறிக்கை. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அது வசதிதான், ஆனால் விற்பனைக்குச் சாட்சி சொல்ல ஜி.எஸ்.டி. கணக்கும் இருக்காது. எனவே உங்கள் விற்பனையை நிரூபிப்பது வங்கிக் கணக்கு மட்டுமே. ஆண்டுக்கு 22 லட்சம் விற்கிறது என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் 7 லட்சம் வரவு இருந்தால் மேலாளரைப் பொறுத்தவரை விற்பனை 7 லட்சம்தான். விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஆறு மாதமாவது கடைக்காரர்கள் தரும் பணத்தைக் கணக்கின் வழியாகவே வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ரொக்கமாக இரண்டு லட்சம் போட்டு இருப்பை ஏற்றிக் காட்டுவது பழைய தந்திரம். மேலாளரின் விரல் அறிக்கையில் முதலில் நிற்கும் இடமே அதுதான். அடுத்து நிற்பது, பணமில்லாமல் திரும்பிய காசோலையும் மகளிர் குழுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ திரும்பிப்போன தவணையும்.

ஜி.எஸ்.டி. இல்லாததால் இன்னொன்று. டிரையருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை நீங்கள் திரும்பப் பெற முடியாது. அதனால் விலைப்புள்ளியில் வரியோடு சேர்ந்த தொகையையே திட்டச் செலவாகக் காட்டுங்கள்.

இரண்டாவது, வருமான வரிக் கணக்கு. சிறு தொழிலுக்கான உத்தேச வருமான முறையில் விற்பனையில் குறைந்தது 8 சதவீதம் லாபம் காட்டினால் போதும் (வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதம்). நம் தொழிலகத்தின் 22.44 லட்சத்துக்கு 8 சதவீதம் சுமார் 1,80,000 ரூபாய். ஆனால் கடன் விண்ணப்பத்தில் லாபம் 3,87,000 என்கிறோம். வீட்டுச் செலவே 2,16,000 என்று வேறு எழுதியிருக்கிறோம். எது உண்மை? 8 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு. உண்மை லாபம் அதிகமானால் அதைத்தான் காட்ட வேண்டும். வரிக்குப் பயந்து குறைப்பதற்கும் காரணம் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் வரையான வருமானத்துக்கு வரியே கிடையாது. கடனுக்காக மட்டும் ஒரே ஆண்டில் லாபத்தை இரட்டிப்பாக்கிக் காட்டினாலும் கேள்வி வரும் என்பதால் இதை ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது.

மூன்றாவது, சிபில் அறிக்கை. ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். அடைத்து முடித்த பழைய நகைக்கடனோ யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தோ அதில் நிலுவையாக நிற்கக்கூடும். அதை மேலாளர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம்.

பிணையைப் பற்றி ஒரு வார்த்தை. குறு, சிறு தொழில்களுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் ஒப்புதல் பெறும் 20 லட்சம் வரையான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் 5.5 லட்சம் அதற்குள் அடங்குகிறது. முத்ரா திட்டத்தில் 5 முதல் 10 லட்சம் வரையான ‘தருண்’ பிரிவிலும் இது வரும். டிரையரும் சரக்கும் வங்கிக்கு ஈடாக இருக்கும். வீட்டுப் பத்திரம் தேவையில்லை.

மானியமும் உண்டு. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம். புதிய விண்ணப்பம் ஏற்கிறார்களா என்பதைக் கடன் கேட்பதற்கு முன்பே திருநெல்வேலி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் தவணைக் கணக்கை மானியம் இல்லாமலேயே போடுங்கள். அது கைக்கு வரும் பணமல்ல, கடன் கணக்கில் பிற்பாடு சேரும் பணம்.

ஐந்தாம் படி: கடிதம்

ஒரு பக்கம் போதும். தாமிரபரணித் தண்ணீரின் ருசியையும் மூன்று தலைமுறைப் பெருமையையும் பையின் மேல் அச்சிடுங்கள், கடிதத்தில் வேண்டாம். மாதிரி இதோ:

> அனுப்புநர்: (பெயர், தொழிலகத்தின் பெயர், முகவரி, கைப்பேசி எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
>
> பொருள்: அப்பளம் உலர்த்தும் டிரையர் வாங்கத் தவணைக் கடன் ரூ. 3,00,000, நடைமுறை மூலதனத்துக்கு சி.சி. கடன் ரூ. 2,50,000 கோருதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்கள் கிளையில் (எண்) நடப்புக் கணக்கு வைத்து, கல்லிடைக்குறிச்சியில் எட்டுத் தொழிலாளர்களுடன் அப்பளம் தயாரித்து வருகிறேன். கடந்த ஆண்டு விற்பனை ரூ. 22.44 லட்சம்.
>
> அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயில் இல்லாததால் உற்பத்தி மாதம் 1,000 கிலோவிலிருந்து 400 கிலோவாகக் குறைகிறது. டிரையர் நிறுவினால் இம்மாதங்களில் 900 கிலோ தயாரிக்க இயலும். திட்டச் செலவு ரூ. 4,00,000. இதில் என் பங்கு ரூ. 1,00,000 என் சேமிப்புக் கணக்கில் உள்ளது.
>
> உளுந்து மாவை ரொக்கத்துக்கு வாங்கவும், கடைகளிலிருந்து வரவேண்டிய ஒரு மாத நிலுவையைச் சமாளிக்கவும் சி.சி. கடன் தேவைப்படுகிறது.
>
> தவணைக் கடனை, டிரையர் நிறுவும் மூன்று மாதங்களுக்கு வட்டி மட்டும் செலுத்தி, அதன்பின் 60 மாதத் தவணைகளில் அடைப்பேன். 11 சதவீத வட்டியில் தவணை சுமார் ரூ. 6,523. வீட்டுச் செலவும் சி.சி. வட்டியும் போக ஆண்டுக்கு ரூ. 2,04,500 மிஞ்சும். மூலப்பொருள் விலை உயர்ந்து கிலோவுக்கு ரூ. 10 லாபம் குறைந்தாலும் தவணை தவறாது என்பதற்கான கணக்கை இணைத்துள்ளேன்.
>
> டிரையருக்கான தொகையை விற்பனையாளருக்கே நேரடியாக அனுப்பலாம். தாங்கள் தொழிலகத்தை நேரில் பார்வையிட வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: (காகிதங்களின் பட்டியல், வரிசை எண்ணுடன்)
>
> இப்படிக்கு, (கையொப்பம், நாள்)

மாதத்தையும் பார்த்துக் கொடுங்கள். டிரையர் புரட்டாசிக்குள் வந்து இறங்கி, மின்வாரியத்தின் கூடுதல் பளு அனுமதியும் கிடைத்திருக்க வேண்டும். வைகாசியில் கொடுத்தால்தான் அது நடக்கும். ஐப்பசியில் கொடுக்கிற விண்ணப்பம் அந்த ஆண்டு மழைக்கு உதவாது.

ஆறாம் படி: மேலாளரின் எதிரே

“கடைக்காரர்கள் பணத்தை எத்தனை நாளில் தருகிறார்கள், அம்மா?” என்பார். “எல்லாரும் ஒழுங்காகத் தந்துவிடுவார்கள், சார்” என்பது பதிலாகாது. நிலுவை நோட்டை எடுத்து நீட்டுங்கள்: எந்தக் கடை, எந்தத் தேதி, எவ்வளவு. “மழைக் காலத்தில் 900 கிலோ போட்டால் யார் வாங்குவார்?” என்றும் கேட்பார். போன ஐப்பசியில் சரக்கு இல்லாமல் திருப்பி அனுப்பிய ஆர்டர்களின் குறிப்பு இருந்தால் அதைவிட நல்ல பதில் கிடையாது. அந்தக் குறிப்பை இந்த ஆண்டே எழுதி வையுங்கள்.

நேரில் பார்க்க வரும்போது மாவு மூட்டைகளை எண்ணுவார், பில்லோடு ஒப்பிடுவார், டிரையர் வைக்கப் போகும் இடத்தைக் கேட்பார். அந்த ஒரு நாளுக்காகப் பக்கத்து வீட்டு மூட்டைகளை அடுக்கி வைக்க வேண்டாம்; ஒரு மாதச் சரக்கு என்று எழுதியிருக்கிறோம், ஒரு மாதச் சரக்கு இருந்தால் போதும்.

விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். 25 லட்சம் வரையான குறு, சிறு தொழில் கடனுக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி; காகிதங்கள் முழுமையாக இருந்தால்தான் அந்த நாட்கணக்கு தொடங்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘சிபில் குறைவு’ என்றால் செய்ய வேண்டியது வேறு, ‘கணக்கில் வரவு போதவில்லை’ என்றால் வேறு. காரணமும் சொல்லாமல் பதிலும் தராமல் இழுத்தடித்தால் வங்கிக்கே முதலில் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாக அனுப்பலாம்.

கடன் கிடைத்த பிறகு

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள்: வட்டி மாறும் வட்டியா, முதல் தவணை எந்தத் தேதியில், காப்பீடு டிரையருக்கும் சரக்குக்கும் மட்டுமா அல்லது கேட்காத ஆயுள் பாலிசியும் சேர்ந்திருக்கிறதா. மாறும் வட்டிக் கடன் 2026 ஜனவரி 1-க்குப் பிறகு ஒப்புதல் பெற்றதானால், குறு, சிறு தொழில் முனைவோர் முன்கூட்டியே அடைக்க அபராதக் கட்டணம் இல்லை. நல்ல ஆண்டில் கையில் மிஞ்சுவதைக் கடனில் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

சி.சி. கணக்குக்கு வங்கி கேட்கும் காலத்தில் சரக்கு இருப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். இதைக் கொடுக்க மறந்தால், உச்சவரம்பு 2.5 லட்சமாக இருந்தாலும் எடுக்கும் உரிமையைக் குறைத்துவிடுவார்கள். தையில் உளுந்து வாங்கும் நேரத்தில் அது தெரியவந்தால் சங்கடம்.

தவணை தவறும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே போய் மேலாளரைப் பாருங்கள். தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்குப் பிறகு மேலாளர் நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு. முதல் 30 நாளுக்குள் போனால் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கவோ சில மாதம் வட்டி மட்டும் கட்டக் கேட்கவோ இடம் இருக்கிறது. அப்போதும் கையில் ஒரு தாள் வேண்டும்: எந்தக் கடையில் எவ்வளவு நிலுவை, எந்தத் தேதிக்குள் வரும், அதிலிருந்து எவ்வளவு கட்ட முடியும்.